மீன் செத்த நேரம் என்ன?

விடிந்தால் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ்ச் சோதனை. தாழ்வுபாட்டில் எங்கள் விறாந்தையில் இருந்து நானும் என்னோடு படிக்கும் தோழியும் மாறி மாறிக் கேள்வி கேட்டோம். நண்டுச் சதைக்குள் ஓட்டுத் துண்டு கிடந்தால் பௌதிக ஆபத்து, சவர்க்காரம் கலந்தால் இரசாயன ஆபத்து, சல்மனெல்லா உயிரியல் ஆபத்து என்று விறுவிறுவென்று போனது. ஹிஸ்டமினில் வந்து நின்றுவிட்டோம்.

"சூரை, கும்பளா, சூடையில வாறது. எந்த வகை, சொல்லு பாப்பம்."

"பற்றீரியாதானே உண்டாக்குது. அப்ப உயிரியல்."

"இல்லையடி. பற்றீரியா செய்யிற வேலை, மீன் சதையில இருக்கிற ஹிஸ்ரிடினை ஹிஸ்டமினா மாத்திறது. ஆளை வருத்திறது அந்த ஹிஸ்டமின். அதால இரசாயன ஆபத்து."

வகை பிரிப்பது வெறும் புள்ளிக்கு அல்ல. உயிரியல் என்று எழுதிவிட்டால், அடுத்த கேள்விக்கு "நல்லாச் சமைத்தால் போதும்" என்று கை தானாக எழுதிவிடும். சமைத்தால் பற்றீரியா சாகும். ஹிஸ்டமின் அப்படியே இருக்கும். உறைய வைத்தாலும் தகரத்தில் அடைத்தாலும் போகாது. மணமும் நிறமும் நல்லாயிருக்கும் மீனிலும் அது கூடியிருக்கலாம். சாப்பிடும்போது நாக்கில் மிளகு பட்டதுபோல ஒரு காரம் சிலருக்குத் தெரியும், சிலருக்கு அதுவும் தெரியாது.

"அப்ப எந்த இடத்தில தடுக்கிறது?"

"குளிரில. 4 பாகைக்கு மேல போக விடக்கூடாது."

"எப்ப இருந்து?"

அவள் "கரைக்கு வந்ததில இருந்து" என்றாள். பலரும் சறுக்கும் இடம் இது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். பின்னேரம் 6 மணிக்கு வலை விடுகிறார்கள். விடிய 3 மணிக்கு இழுக்கிறார்கள். 6 மணிக்குப் படகு கரையேறுகிறது, கூறி விற்று 7 மணிக்குத்தான் ஐஸில் போடுகிறார்கள். கரையில் நின்று பார்ப்பவருக்கு ஒரு மணித்தியாலம் பிந்தியது மட்டுமே தெரியும். ஆனால் இரவு 8 மணிக்கே வலையில் சிக்கிச் செத்த சூரைக்கு அப்போது 11 மணித்தியாலம் ஆகிவிட்டது.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டியில் கணக்கு மீன் செத்த நேரத்திலிருந்தே தொடங்குகிறது. காற்றோ நீரோ 28.3 பாகைக்கு மேல் சூடாக இருந்தால் 6 மணித்தியாலத்துக்குள் ஐஸில் இருக்க வேண்டும், அதற்குக் குறைவாக இருந்தால் 9 மணித்தியாலத்துக்குள். வெயில் காலத்து மன்னார்க் கடலுக்கு 6 மணித்தியாலத்தை வைத்தே எண்ணுவது நல்லது. செத்த நேரம் தெரியாவிட்டால் வலை விட்ட நேரத்திலிருந்து எண்ணிக்கொண்டால் பிழைக்காது.

"ஐஸ் எவ்வளவு?"

"10 கிலோ மீனை 28 பாகையில இருந்து பூச்சியத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 3.5 கிலோ."

"அப்ப 4 கிலோ போட்டாக் காணுந்தானே?"

"அது மீன் குளிர மட்டுந்தான். ரெஜிபோம் பெட்டிக்கால உள்ள வாற சூட்டுக்கு ஆர் குடுக்கிறது? எங்கட வெக்கைக்கு மீன் ஒரு பங்கெண்டா ஐஸும் ஒரு பங்கு. மேல மட்டும் தூவாத, ஒரு படை ஐஸ், ஒரு படை மீன்."

பிறகு அவள் என்னை மடக்க ஒரு கேள்வி கேட்டாள். கலியாண வீட்டில் சூரைக் குழம்பு சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் நாலு பேருக்கு முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு தடித்தால் அது என்ன? மீன் ஒவ்வாமை என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் உறவில்லாத நாலு பேருக்கு ஒரே நேரத்தில் ஒரே மீனில் ஒவ்வாமை வருவது அரிது. முந்திச் சூரை சாப்பிட்டு ஒன்றும் ஆகாதவர்கள் என்றால் சந்தேகம் ஹிஸ்டமினில்தான் விழ வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மருந்தும் ஒவ்வாமைக்குக் கொடுப்பதே என்பதால், ஆள் சுகமாகிவிடுவார், மீன் பிடிபடாமல் போய்விடும். மிச்சக் குழம்பையும் மீனையும் கொட்டாமல் எடுத்து வைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிப்பதுதான் விடை. கோடெக்ஸ் வரம்பு ஒரு கிலோ மீனுக்கு 200 மில்லிகிராம். ஒரே பெட்டியில் ஒரு மீன் தாண்டியிருக்கும், பக்கத்து மீன் தாண்டியிராது. அதனால் ஒரே மீனை எடுத்துச் சோதித்துவிட்டுப் பெட்டி முழுவதையும் நல்லதென்று சொல்ல ஏலாது.

"கடைசிக் கேள்வி. விக்காமக் கிடந்த சூடையைப் பின்னேரம் உப்புப் போட்டுக் கருவாடாக்கினா?"

"உப்பு பற்றீரியாவை அடக்கும்."

"முதலே உண்டான ஹிஸ்டமின்?"

"அது கருவாட்டுக்குள்ளயே இருக்கும்," என்றாள். "அப்ப உப்புப் போட முதலும் மீன் செத்த நேரத்தைத்தான் கேக்கோணும்."