உண்டு, இருக்கிறது, இல்லை, அல்ல

கற்றல் பயன்: ஆங்கிலத்தின் 'ஹேவ்', 'தேர் இஸ்', 'இஸ்' ஆகியவற்றுக்கு உரிய தமிழ் வடிவத்தை, பொருள் திரியாமல் தேர்ந்து எழுதுதல்.

1. ஒரு கடிதம்

ஏர்பேட்டில் பயிலும் ஒரு மாணவி, வேலூர் மாவட்டத்துச் சிற்றூரில் வாழும் தன் பாட்டிக்குக் கடிதம் எழுதுவதாகக் கொள்க. அவள் முதலில் ஆங்கிலத்தில் எண்ணுகிறாள்; பிறகு சொல்லுக்குச் சொல் தமிழாக்குகிறாள்.

> நான் காய்ச்சல் வைத்திருக்கிறேன். அப்பா இன்று வேலையில் இல்லை. அங்கே ஏர்பேட்டில் ஒரு தொடர்வண்டி நிலையம் இருக்கிறது. நான் இரண்டு தோழிகளைக் கொண்டிருக்கிறேன். அவர்கள் அயலார் இல்லை. அம்மாவுக்கு உங்கள் படம் இருக்கிறது.

எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் பாட்டிக்குக் கிடைக்கும் செய்தி வேறு. பேத்தி காய்ச்சலை எங்கோ எடுத்து வைத்திருக்கிறாள். மகன் வேலைக்குச் செல்லவில்லை அல்லது வேலையை இழந்துவிட்டான். அம்மாவுக்குக் கொடுப்பதற்கென்று ஒரு படம் இருக்கிறது. மாணவி இவற்றுள் ஒன்றையும் எழுத எண்ணவில்லை. பொருள் எந்த இடத்தில் திரிந்தது என்பதை இப்பாடம் ஒவ்வொன்றாகக் காட்டும்.

2. 'ஹேவ்': உடையவர் எழுவாய் ஆவதில்லை

ஆங்கிலத்தில் 'ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்' என்னும் தொடரில் 'ஐ' எழுவாய். தமிழில் தங்கையரே எழுவாய். உடையவர் நான்காம் வேற்றுமை ஏற்று ஒதுங்கி நிற்பார்.

எனக்கு இரண்டு தங்கையர் இருக்கிறார்கள்.

வினைமுற்று 'இருக்கிறேன்' என்று முடியாமல் 'இருக்கிறார்கள்' என்று முடிவதை நோக்குக. ஒரு தங்கை எனில் 'இருக்கிறாள்'. ஒரு தம்பி எனில் 'இருக்கிறான்'. ஒரு மிதிவண்டி எனில் 'இருக்கிறது'. வினை, உடையவரைப் பின்பற்றாது, உடைமையைப் பின்பற்றும். 'நான் ஒரு தங்கை இருக்கிறேன்' என்று எழுதினால், 'நானே ஒரு தங்கை' என்று சொல்ல முயன்று தடுமாறியது போல் ஆகிவிடும்.

உடையவர் ஏற்கும் உருபு எல்லா இடத்திலும் ஒன்றன்று. இங்கேதான் மாணவர் பலர் இடறுகின்றனர். பின்வரும் இரண்டு தொடர்களை ஒப்பிடுக.

அம்மாவிடம் உங்கள் படம் இருக்கிறது.
அம்மாவுக்கு உங்கள் படம் இருக்கிறது.

முதல் தொடரில் படம் அம்மாவின் கைவசம் உள்ளது. இரண்டாவதில் படம் அம்மாவுக்கு என ஒதுக்கப்பட்டுள்ளது. அவர் கைக்கு அது இன்னும் வராமலும் இருக்கலாம். ஆங்கிலத்தின் 'ஹேஸ்' முதல் பொருளையே தருகிறது.

ஐயம் எழும்போது ஒரு கேள்வி உதவும்: அப்பொருளைப் பிறரிடம் கொடுக்கவோ, ஓரிடத்தில் விட்டுவிட்டு வரவோ இயலுமா? இயலுமாயின் 'இடம்' பொருந்தும்: என்னிடம் எழுதுகோல் இருக்கிறது, கடைக்காரரிடம் சில்லறை இல்லை. இயலாதாயின் 'கு' பொருந்தும்: எனக்கு இரண்டு கண்கள் உண்டு, எனக்குக் காய்ச்சல் இருக்கிறது, அவனுக்கு ஓர் அண்ணன் இருக்கிறான், அவர்களுக்கு ஊரில் வீடு உண்டு.

இவ்விதிக்கும் எல்லை உண்டு. பண்பைக் குறிக்கும்போது இரண்டும் வழங்கும். 'அவளுக்குத் திறமை உண்டு' என்றும் 'அவளிடம் திறமை இருக்கிறது' என்றும் எழுதலாம். வளர்ப்பு விலங்குகளுக்கும் அவ்வாறே.

உடையது உயிரற்ற பொருளாயின் 'இல்' உருபும் வரும். 'தி ரூம் ஹேஸ் ஃபோர் டேபிள்ஸ்' என்பது 'அறையில் நான்கு மேசைகள் உள்ளன' ஆகும். மேசைகள் அறையின் உள்ளே இருப்பவை. ஆனால் கால்கள் மேசையின் உறுப்புகள். ஆகவே 'மேசைக்கு நான்கு கால்கள் உண்டு' என்கிறோம்.

'வைத்திருக்கிறேன்', 'கொண்டிருக்கிறேன்' என்பன 'ஹேவ்' என்பதற்கு நேர்ச்சொற்கள் அல்ல. எடுத்துப் பேணும் பொருளுக்கு மட்டும் 'வைத்திருக்கிறேன்' என்பது ஏற்கும்: பாட்டி தந்த நாணயத்தை இன்றும் வைத்திருக்கிறேன். தோழிக்கும் காய்ச்சலுக்கும் அது ஏலாது.

3. 'உண்டு', 'இருக்கிறது': வேறுபாடு என்ன?

'இருக்கிறது' காலம், திணை, பால், எண், இடம் ஆகியவற்றைக் காட்டும் வினைமுற்று: இருந்தது, இருக்கும், இருக்கிறாள், இருக்கிறார்கள். 'உண்டு' இவற்றுள் எதையும் காட்டுவதில்லை. 'உண்டு', 'இல்லை' ஆகிய சொற்கள் ஐந்து பாலுக்கும் மூன்று இடத்துக்கும் பொது எனப் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்துள்ளார்.

இவ்வேறுபாடு பொருளிலும் தெரியும். 'குடத்தில் தண்ணீர் இருக்கிறது' என்பது இப்போதைய நிலை; மாலையில் தீர்ந்துவிடலாம். 'யானைக்குத் தும்பிக்கை உண்டு' என்பது நிலையான உண்மை. வழக்கமும் உறுதியும் 'உண்டு' என்பதில் அடங்கும். 'நாளை பள்ளி உண்டா?' என்று கேட்பவர், பள்ளிக் கட்டடம் இருக்கிறதா என்று கேட்பதில்லை. வகுப்பு நடைபெறுமா என்றே கேட்கிறார்.

4. 'தேர் இஸ்': 'அங்கே' வேண்டுவதில்லை

'தேர் இஸ் எ ஸ்டேஷன் இன் யேர்பேடு' என்பதில் 'தேர்' என்னும் சொல் இடத்தைச் சுட்டவில்லை. எழுவாயின் இடத்தை நிரப்ப வந்துள்ளது. அதனை 'அங்கே' என்று பெயர்த்தால், ஏர்பேட்டைச் சுட்டிக்காட்டும் பொருள் புதிதாகப் புகுந்துவிடும். ஏர்பேட்டிலேயே இருந்துகொண்டு எழுதுபவர் அவ்வாறு சுட்டுவது பொருந்தாது.

தமிழில் அப்பணியைச் சொற்களின் வரிசை செய்கிறது.

ஏர்பேட்டில் ஒரு தொடர்வண்டி நிலையம் உள்ளது.
தொடர்வண்டி நிலையம் ஏர்பேட்டில் உள்ளது.

முதல் தொடர் ஊரைப் பற்றியது. அவ்வூரில் நிலையம் ஒன்று உண்டு என்று புதிதாக அறிவிக்கிறது. ஆங்கிலத்தின் 'தேர் இஸ்' என்பதற்கு இதுவே நிகர். இரண்டாம் தொடர், கேட்பவர் முன்பே அறிந்த நிலையத்தைப் பற்றியது. அது எங்கே என்று சொல்கிறது. அதற்கு ஆங்கிலத்தில் 'தி ஸ்டேஷன் இஸ் இன் யேர்பேடு' என வரும். 'எ', 'தி' என்னும் சொற்கள் ஆங்கிலத்தில் காட்டும் வேறுபாட்டைத் தமிழ் முன்பின் வரிசையால் காட்டுகிறது. காளத்தி ஊர்ப்பெயரைக் கொண்டும் பழகலாம்: 'திருக்காளத்தியில் ஓர் ஆறு ஓடுகிறது' என்றால் செய்தி புதிது, 'சுவர்ணமுகி ஆறு திருக்காளத்தி வழியே ஓடுகிறது' என்றால் ஆறு முன்பே அறிந்தது.

5. 'இஸ்': சில இடங்களில் வினையே இல்லை

'ஷி இஸ் எ டீச்சர்' என்பது 'அவர் ஆசிரியர்' ஆகும். இரு பெயர்களை அடுத்தடுத்து நிறுத்தினாலே 'இவரே அவர்' என்னும் பொருள் நிறைவுறும். 'அவர் ஆசிரியராக இருக்கிறார்' என்றால், இப்போது அப்பணியில் உள்ளார் என்று நிகழ்கால நிலை அழுத்தம் பெறும். இரண்டும் சரியே, பொருள் மட்டும் ஒன்றன்று.

இறந்த காலத்தையும் எதிர்காலத்தையும் காட்ட 'இரு' வேண்டும். ஏர்பேடு முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரல் 4 அன்று புதிய மாவட்டங்கள் நடைமுறைக்கு வந்ததுமுதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. ஆங்கிலத்தில் இவ்விரண்டும் 'வாஸ்', 'இஸ்' என நிற்கும்.

6. 'இல்லை', 'அல்ல': தெலுங்கு தரும் துணை

ஆங்கிலத்தின் 'நாட்' தமிழில் இரண்டாகப் பிரியும். ஒரு பொருள் இருப்பதையே மறுப்பது 'இல்லை'. பொருள் இருக்கிறது, ஆனால் அது இன்னது என்பதை மறுப்பது 'அல்ல'.

அங்கே பாம்பு இல்லை. (பாம்பே காணப்படவில்லை.)
அது பாம்பு அன்று, கயிறு. (ஏதோ ஒன்று கிடக்கிறது, அது பாம்பாகாது.)

செந்தமிழில் ஒருமை அஃறிணைக்கு 'அன்று', பன்மை அஃறிணைக்கு 'அல்ல', உயர்திணையில் 'அல்லன், அல்லள், அல்லர்' என வரும். இக்கால உரைநடையில் 'அல்ல' எல்லாவற்றுக்கும் பொதுவாக வழங்குகிறது. வீட்டுப் பேச்சிலோ இவ்விரு மறுப்பும் 'இல்ல' என்னும் ஒரே ஒலியில் கலந்துவிட்டன. அதனால் எழுதும்போது குழப்பம் நேர்கிறது.

ஏர்பேட்டு மாணவருக்கு இங்கே ஓர் எளிய வழி உண்டு. தெருவில் நாள்தோறும் கேட்கும் தெலுங்கில் இவ்வேறுபாடு பேச்சிலும் கலையாமல் நிற்கிறது. 'அக்கட பாமு லேது' என்றால் 'அங்கே பாம்பு இல்லை'. 'அதி பாமு காது' என்றால் 'அது பாம்பு அன்று'. ஐயம் எழும்போது அதே கருத்தைத் தெலுங்கில் சொல்லிப் பார்க்க வேண்டும். 'லேது' வந்தால் தமிழில் 'இல்லை'. 'காது' வந்தால் 'அல்ல' அல்லது 'அன்று'. உடைமைக்கும் இவ்வழி உதவும்: 'நா தக்கர பென்னு உந்தி' என்பது 'என்னிடம்', 'நாகு இத்தரு செல்லெள்ளு உன்னாரு' என்பது 'எனக்கு'.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். தெலுங்கின் 'லேது' ஆளுக்கேற்ப 'லேனு, லேடு, லேரு' என மாறும். தமிழின் 'இல்லை' மாறாது.

7. திருந்திய கடிதம்

> எனக்குக் காய்ச்சல் இருக்கிறது. அப்பாவுக்கு இன்று வேலை இல்லை. ஏர்பேட்டில் ஒரு தொடர்வண்டி நிலையம் உள்ளது. எனக்கு இரண்டு தோழிகள் இருக்கிறார்கள். அவர்கள் அயலார் அல்லர். அம்மாவிடம் உங்கள் படம் இருக்கிறது.

'அப்பாவுக்கு இன்று வேலை இல்லை' என்பதால், இன்று ஒரு நாள் வேலை கிடைக்கவில்லை அல்லது விடுமுறை என்பது பாட்டிக்குப் புலனாகும். 'வேலையில் இல்லை' தந்த கலக்கம் நீங்கும். 'அயலார் இல்லை' என்று இருந்தபோது அங்கே அயலார் எவரும் காணப்படவில்லை என்றும் படிக்க இடமிருந்தது. 'அல்லர்' அவ்வையத்தை நீக்கித் தோழியரின் நெருக்கத்தை மட்டும் சொல்கிறது.

பயிற்சி

அ) பொருந்தும் உருபை இட்டு நிரப்புக.
1. தாத்தா____ இரண்டு மகன்கள் இருக்கிறார்கள்.
2. நடத்துநர்____ சில்லறை இல்லை.
3. இந்தப் பெட்டி____ பழைய கடிதங்கள் உள்ளன.

ஆ) 'இல்லை', 'அன்று', 'அல்லர்' ஆகியவற்றுள் பொருந்துவதை எழுதுக.
4. இது என் புத்தகம் ____, தங்கையின் புத்தகம்.
5. வகுப்பில் இப்போது எவரும் ____.
6. அவர்கள் மருத்துவர்கள் ____, செவிலியர்கள்.

இ) பொருள் வேறுபாட்டை ஈரிரண்டு தொடர்களில் விளக்குக.
7. அக்காவிடம் பணம் இல்லை. / அக்காவுக்குப் பணம் இல்லை.
8. கிணறு தோட்டத்தில் உள்ளது. / தோட்டத்தில் ஒரு கிணறு உள்ளது.

விடைகள்: 1. தாத்தாவுக்கு 2. நடத்துநரிடம் 3. பெட்டியில் 4. அன்று 5. இல்லை 6. அல்லர் 7. முதலாவது, இப்போது அக்காவின் கைவசம் பணம் இல்லை என்பது. இரண்டாவது, அக்காவுக்கெனப் பணம் ஒதுக்கப்படவில்லை என்றும் பொருள்படும். 8. முதலாவது, முன்பே அறிந்த கிணற்றின் இடத்தைச் சொல்கிறது. இரண்டாவது, கிணறு ஒன்று இருப்பதைப் புதிதாக அறிவிக்கிறது.