விடுதி அறை அட்டை: ஆங்கிலம் அறியாதவருக்கும் புரிய

ரிமோட்டில் ஆங்கிலமே இருப்பதால், அறை அட்டையில் தமிழ் விளக்கத்தோடு பொத்தானின் எழுத்தையும் படத்தையும் அப்படியே அச்சிட வேண்டும்.

ஏசி ஓடியும் குளிரவில்லை என்றால், பெரும்பாலும் MODE பொத்தானில் கைபட்டு FAN நிலைக்குப் போயிருக்கும்; அதில் வெறும் காற்றுதான் வரும். பனித்துகள் படம் தெரியும்வரை MODE பொத்தானை அழுத்தி, 24 டிகிரி வைக்கச் சொல்வது போதும். குளிர் பரவச் சில நிமிடங்கள் ஆகும் என்பதையும் எழுதாவிட்டால் விருந்தினர் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்ப்பார்.

டிவிக்கு ஒன்று, செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று என இரண்டு ரிமோட் இருந்தால் முறையே சிவப்பு, மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, அட்டையிலும் அதே நிறங்களைக் காட்டலாம். “No Signal” வந்தால் முதலில் மஞ்சள் ரிமோட்டால் பாக்ஸை இயக்கிப் பார்க்க வேண்டும்.

வைஃபை பாஸ்வேர்டு எண்களாகவே இருந்தால் பெரிய எழுத்து, சின்ன எழுத்துக் குழப்பம் இல்லை. குறைந்தது 8 இலக்கம் தேவை.