வளைகுடா வேலைக்குச் சான்றிதழ் அட்டெஸ்டேஷன்: முதலில் எந்த நாடு என்று கேளுங்கள்

வெளிநாட்டில் வேலை உறுதியாகி, "டிகிரியை அட்டெஸ்ட் செய்து அனுப்புங்கள்" என்று கம்பெனியிலிருந்து தகவல் வந்த பிறகுதான் பல வீடுகளில் பீரோவைத் திறந்து சான்றிதழைத் தேடுகிறோம். அந்த அவசரத்தில் யாராவது ஒரு ஏஜெண்டிடம் அசலைக் கொடுத்து, கேட்ட பணத்தையும் கொடுத்துவிடுகிறோம். என்ன முத்திரை வாங்கினார்கள், அது அந்த நாட்டுக்குப் பொருந்துமா என்று கேட்பதில்லை. சில பிள்ளைகளுக்கு அங்கே போன பிறகுதான் பாதி வேலை பாக்கி இருப்பது தெரிகிறது. நம் அறக்கட்டளைக்கு உதவி கேட்டு வருகிறவர்களிடம் நாங்கள் சொல்லும் விவரத்தை இங்கே எழுதுகிறோம்.

முத்திரைகள் ஏன் வரிசையாக வேண்டும்?

துபாயில் இருக்கும் அதிகாரிக்குச் சேலத்துப் பல்கலைக்கழகத்தின் கையெழுத்து தெரியாது. அவருக்குத் தெரிந்தது இந்தியாவில் உள்ள தங்கள் தூதரகத்தின் கையெழுத்து மட்டும். தூதரகத்துக்குத் தெரிந்தது நம் வெளியுறவு அமைச்சகத்தின் கையெழுத்து. வெளியுறவு அமைச்சகத்திடம் மாநில அரசு அதிகாரிகளின் மாதிரிக் கையெழுத்து இருக்கிறது. மாநில அரசு, பல்கலைக்கழகம் தரும் பதிலை நம்புகிறது. ஒவ்வொரு அலுவலகமும் தனக்கு முந்தைய கையெழுத்து உண்மை என்று மட்டுமே சொல்கிறது. அதனால் நடுவில் ஒரு படியை விட்டுவிட்டு அடுத்த படிக்குப் போக முடியாது.

ராசிபுரத்தில் வீடு, சேலத்தில் கல்லூரி, 2019ல் பி.காம். முடித்த ஒரு பிள்ளையை வைத்துக்கொள்வோம். அவருக்கு துபாயில் கணக்காளர் வேலை வந்திருக்கிறது. அவருடைய சான்றிதழ் போகும் வழியைப் பார்ப்போம்.

வீட்டிலேயே பார்க்க வேண்டிய மூன்று

முதலாவது, கையில் இருப்பது பட்டச் சான்றிதழா, புரொவிஷனல் சான்றிதழா என்று பாருங்கள். கல்லூரி முடித்ததும் கிடைத்த புரொவிஷனலையே டிகிரி என்று நினைத்து வைத்திருப்பவர்கள் உண்டு. வேலைக்குக் கேட்பது பட்டமளிப்புக்குப் பிறகு வரும் பட்டச் சான்றிதழை. அதை வாங்காமல் விட்டிருந்தால் முதலில் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இரண்டாவது, லேமினேஷன். கெட்டுப்போகக்கூடாது என்று ஆசையாய் லேமினேட் செய்து வைத்திருப்போம். ஆனால் முத்திரையும் ஸ்டிக்கரும் சான்றிதழின் பின்பக்கத் தாளில்தான் விழ வேண்டும்; பிளாஸ்டிக் மேல் போட மாட்டார்கள். வீட்டில் இஸ்திரிப் பெட்டி வைத்துப் பிரிக்கப் பார்க்காதீர்கள். எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். அனுபவமுள்ளவரிடம் கொடுத்துப் பிரியுமா என்று பாருங்கள். பிரியாது என்றால் பல்கலைக்கழகத்தில் நகல் பட்டத்துக்கு விண்ணப்பிப்பதே வழி. இனிமேல் வாங்கும் எந்தச் சான்றிதழையும் லேமினேட் செய்யாமல் உறையில் வையுங்கள்.

மூன்றாவது, பெயர். நம் பிள்ளைகளுக்கு இதில்தான் அதிகச் சிக்கல். முகமது என்ற பெயரை ஆங்கிலத்தில் ஓர் "எம்" போட்டும் எழுதுகிறோம், இரண்டு "எம்" போட்டும் எழுதுகிறோம். பட்டத்தில் ஒரு விதமாகவும் பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும் இருந்தால், முத்திரை எல்லாம் சரியாக இருந்தும் "இவர்தான் அவரா?" என்ற கேள்வி வரும். இனிஷியலை பாஸ்போர்ட்டில் அத்தா பெயராக விரித்து எழுதியிருப்பது பெரிய தடை ஆவதில்லை. சொந்தப் பெயரின் எழுத்து மாறுவதுதான் தடை. பட்டத்தில் உள்ள பெயர் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து வந்தது. பட்டத்தைத் திருத்துவதைவிட, பத்தாம் வகுப்புச் சான்றைக் காட்டி பாஸ்போர்ட்டைத் திருத்துவது பெரும்பாலும் எளிது. ஆனால் விசா பாஸ்போர்ட் எண்ணின் மேல்தான் அடிக்கப்படுகிறது. ஆகவே இந்தத் திருத்தத்தை விசாவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

முதல் படி: பல்கலைக்கழகம்

பட்டம் உண்மைதான் என்று அதைக் கொடுத்த பல்கலைக்கழகம் சொல்ல வேண்டும். இதற்கு உண்மைத்தன்மைச் சான்று என்று பெயர். நம் பிள்ளை படித்த கல்லூரி பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவதால், அவர் கருப்பூரில் உள்ள அதன் தேர்வாணையர் அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

இங்கே ஆண்டைக் கவனியுங்கள். பெரியார் பல்கலைக்கழகம் தொடங்கியது 1997ல். அதற்கு முன்பு சேலம், நாமக்கல் கலைக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. 1994ல் சேலத்தில் பட்டம் பெற்ற ஒருவர் இப்போது மறுபடி வளைகுடா போவதானால், அவர் கருப்பூருக்குப் போய்ப் பயனில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கேட்க வேண்டும். நர்சிங் படித்தவர்களுக்கு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். பாலிடெக்னிக் டிப்ளமோவுக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ சான்றுகளுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககம். கல்லூரி எந்த ஊரில் இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். சான்றிதழின் தலைப்பில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதோ அங்கே போங்கள்.

இரண்டாம் படி: தலைமைச் செயலகம்

உண்மைத்தன்மை உறுதியான பிறகு, பட்டத்தின் பின்பக்கத்தில் தமிழ்நாடு அரசின் முத்திரை வேண்டும். பட்டங்களுக்கு இதைச் செய்வது சென்னை தலைமைச் செயலகத்தில் உள்ள உயர்கல்வித் துறை. வெளிநாட்டுக் கம்பெனிகள் "ஹெச்.ஆர்.டி. அட்டெஸ்டேஷன்" என்று கேட்பது இதைத்தான்.

சில ஏஜெண்டுகள் இந்த இரண்டு படிகளையும் விட்டுவிட்டு, டெல்லியில் எஸ்.டி.எம். முத்திரை வாங்கி மேலே அனுப்புகிறார்கள். அது சீக்கிரம் முடியும். ஆனால் அந்த முத்திரைக்குப் பின்னால் பல்கலைக்கழகத்தில் யாரும் சரிபார்த்திருப்பதில்லை. அதனால் அதை ஏற்காத தூதரகங்களும் கம்பெனிகளும் உண்டு. சான்றிதழ் திரும்பி வந்ததும் பின்பக்கத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் வாங்கிய பட்டத்தில் தமிழ்நாடு அரசின் முத்திரை இல்லாமல் டெல்லி முத்திரை மட்டும் இருந்தால், நடந்தது இதுதான்.

மூன்றாம் படி: வெளியுறவு அமைச்சகம்

இதற்கு டெல்லி வரை போக வேண்டியதில்லை, சென்னையிலேயே செய்யலாம். ஆனால் அமைச்சகம் பொதுமக்களிடம் நேரடியாகத் தாள்களை வாங்குவதில்லை. அது நியமித்த சேவை நிறுவனங்கள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அவற்றின் பட்டியலும் அவை வாங்கக்கூடிய கட்டணமும் அமைச்சகத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. ஏஜெண்ட் சொல்லும் தொகையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த இடத்தில்தான் வழி இரண்டாகப் பிரிகிறது. அப்போஸ்டில் என்ற முறையை ஏற்றுக்கொண்ட நாடுகள் உண்டு. இந்தியா 2005லிருந்து அதில் இருக்கிறது. வளைகுடாவில் ஓமன் 2012 ஜனவரியிலிருந்தும், பஹ்ரைன் 2013 டிசம்பரிலிருந்தும், சவூதி அரேபியா 2022 டிசம்பர் 7லிருந்தும் இருக்கின்றன. இந்த மூன்று நாடுகளுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் ஸ்டிக்கரோடு முத்திரை வேலை முடிகிறது. தூதரகத்துக்குப் போக வேண்டியதில்லை.

ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் ஆகிய மூன்றும் அந்த முறையில் சேரவில்லை. அவற்றுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் சாதாரண அட்டெஸ்டேஷன், பிறகு இந்தியாவில் உள்ள அந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரை, கடைசியாக அந்த நாட்டுக்குள் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை என்று வரிசை நீள்கிறது.

நம் ராசிபுரத்துப் பிள்ளை போவது துபாய்க்கு. அவர் அப்போஸ்டிலோடு நின்றுவிட்டால் அங்கே ஏற்க மாட்டார்கள். அதே பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை என்றால், தூதரக முத்திரைக்கு என்று பணம் வாங்குவது வீண் செலவு. சவூதிக்கும் அப்படித்தான். முன்பு சவூதி போன உறவினர், "எனக்குத் தூதரகத்தில் குத்தினார்களே" என்று சொல்லலாம். அவர் போன காலத்தில் அது சரி. 2022க்குப் பிறகு வழி மாறிவிட்டது.

ஆறுதலான விஷயம் ஒன்று உண்டு. முதல் இரண்டு படிகள் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். மஸ்கட் வேலை போய் துபாய் வேலை வந்தால் பல்கலைக்கழகம், தலைமைச் செயலகம் இரண்டுக்கும் மறுபடி அலைய வேண்டியதில்லை. மூன்றாம் படியிலிருந்து தொடங்கினால் போதும். வெளிநாடு போகும் எண்ணமுள்ள பிள்ளைகள் அந்த இரண்டு படிகளை வேலை தேடும் காலத்திலேயே முடித்து வைத்துக்கொள்ளலாம்.

முத்திரை எதைச் சொல்லாது?

இத்தனை முத்திரைகளும் சொல்வது "இந்தத் தாள் உண்மை" என்பதை மட்டுமே. "இவருக்கு இந்த வேலைக்குத் தகுதி உண்டு" என்று அவை சொல்வதில்லை. நர்ஸ், லேப் டெக்னீஷியன் போன்ற மருத்துவ வேலைகளுக்கு டேட்டாஃப்ளோ என்ற தனிச் சரிபார்ப்பும் உரிமத் தேர்வும் உண்டு. குவைத்தில் என்ஜினீயர் என்ற பதவியில் சேர, அங்குள்ள பொறியாளர் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும். 2018லிருந்து இதில் கெடுபிடி. படித்த பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் இருந்ததா என்று பார்க்கிறார்கள். அது இல்லாமல் பட்டத்துக்கு முத்திரை வாங்கிப் பயனில்லை. ஆகவே குவைத் போகும் என்ஜினீயர்கள் அட்டெஸ்டேஷனுக்குப் பணம் கட்டும் முன் கல்லூரியில் இதைக் கேட்டுவிடுங்கள்.

இன்னொரு பக்கம், நாமக்கல்லிலிருந்து டிரெய்லர் ஓட்டப் போகும் தம்பிகளிடமும் பத்தாம் வகுப்புச் சான்றுக்கு அட்டெஸ்டேஷன் என்று பணம் கேட்கிறவர்கள் உண்டு. படிப்பைக் கேட்காத விசாவுக்கு இது தேவையில்லை. "எந்தச் சான்றிதழ், எந்த முத்திரை வரை வேண்டும்?" என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தப் பதில் வரும் வரை யாருக்கும் பணம் கட்டாதீர்கள்.

அசலைக் கொடுக்கும்போது

அசல் சான்றிதழ் பல வாரம் பிறர் கையில் இருக்கப் போகிறது. கொடுக்கும் முன் இரு பக்கமும் ஸ்கேன் எடுத்து வையுங்கள். பட்டத்தின் எண், கொடுத்த தேதி, வாங்கியவர் பெயர், எந்தெந்த முத்திரைக்கு எவ்வளவு தொகை என்பதெல்லாம் உள்ள ரசீது வாங்குங்கள். மொத்தமாக ஒரே தொகை சொல்கிறவரிடம் படிவாரியாகப் பிரித்துக் கேளுங்கள். பிரித்துச் சொல்ல மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

திரும்பி வந்த அப்போஸ்டில் ஸ்டிக்கரில் ஓர் எண் இருக்கும். அதை வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் போட்டு, உங்கள் சான்றிதழின் விவரம் வருகிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள். வரவில்லை என்றால் ரசீதோடு உடனே திரும்பிப் போங்கள். விமானம் ஏறிய பிறகு அதைச் சரிசெய்ய இங்கே ஆள் இருக்காது.

எந்த முத்திரை வேண்டும் என்று குழப்பமாக இருந்தால், கம்பெனியின் கடிதத்தையும் சான்றிதழின் நகலையும் எடுத்துக்கொண்டு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ். அசல் வீட்டிலேயே இருக்கட்டும்.