முகம் மாற்றும் இலவச ஆப்: ‘Agree’ அழுத்தும் முன் தேட வேண்டிய நாலு வார்த்தைகள்

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வருகிறது. சினிமா கதாநாயகனின் உடம்பு, அக்கா மகனின் முகம்! “சித்தி, நீங்களும் போட்டுப் பாருங்க, ஃப்ரீதான்” என்று கீழே ஒரு லிங்க். ஆப்பை இறக்கி, செல்ஃபி எடுத்து, கேட்ட இடத்திலெல்லாம் ‘Agree’ அழுத்தினால் கொஞ்ச நேரத்தில் வீடியோ ரெடி. அதற்குள் உங்கள் முகம் எங்கே போனது, அங்கே எத்தனை நாள் இருக்கும், வேறு எதற்குப் பயன்படும்? இதற்கெல்லாம் பதில், படிக்காமல் தள்ளிவிட்ட அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது.

போனது போட்டோ மட்டும்தானா?

முகம் மாற்றும் ஆப்கள் பலவும் வேலையை உங்கள் போனில் செய்வதில்லை. போட்டோவை நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பி, அங்கேதான் செய்கின்றன. கண், மூக்கு, வாய், தாடை ஆகியவை எங்கே இருக்கின்றன, எப்படி அமைந்திருக்கின்றன என்று கணினி அளந்து எண்களாக மாற்றுகிறது. ஆக, சர்வரில் இரண்டு பொருள்கள் இருக்கலாம். ஒன்று போட்டோ, இன்னொன்று அந்த முக அளவுகள். “போட்டோவை அழித்துவிடுவோம்” என்று ஆப் சொன்னால், இரண்டாவதும் அழிகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

படிக்க வேண்டிய ஆவணமும் இரண்டு. எதைச் சேகரிக்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்பது ‘Privacy Policy’யில் இருக்கும். உங்கள் போட்டோ மீது நீங்கள் என்ன உரிமையைக் கொடுக்கிறீர்கள் என்பது பெரும்பாலும் ‘Terms of Use’இல் இருக்கும். முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடக் கூடாது. ஏன் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம்.

ஜாவ் ஆப்பில் நடந்தது

2019 ஆகஸ்ட் கடைசியில் சீனாவில் ‘ஜாவ்’ என்ற ஆப் வெளியானது. ஒரே ஒரு செல்ஃபி கொடுத்தால் போதும், பிரபலமான சினிமாக் காட்சிகளில் உங்கள் முகம் வந்துவிடும். ஓரிரு நாளிலேயே அந்நாட்டு ஆப் ஸ்டோரின் இலவசப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது.

அப்போதுதான் சிலர் அதன் விதிமுறைகளைப் படித்தார்கள். பயனர் ஏற்றும் படங்களைப் பயன்படுத்தும் உரிமை நிறுவனத்துக்கும் அதன் துணை நிறுவனங்களுக்கும் இலவசமாகவும் நிரந்தரமாகவும் கிடைக்கும், அதைத் திரும்பப் பெற முடியாது, மற்றவர்களுக்கு மாற்றியும் கொடுக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. மக்கள் கொதித்தார்கள். வீசாட் தன் தளத்தில் அந்த ஆப்பின் லிங்க்குகளைத் தடுத்தது. செப்டம்பர் முதல் வாரத்தில் சீனத் தொழில், தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் ஆப்பின் பின்னால் இருந்த மோமோ நிறுவனத்தை அழைத்து விசாரித்தது.

நிறுவனம் மன்னிப்புக் கேட்டு விதிமுறையை மாற்றியது. பயனர் அழித்தால் சர்வரிலும் அழிப்போம், ஆப்பை மேம்படுத்துவதைத் தவிர வேறு வேலைக்குச் சம்மதமின்றிப் பயன்படுத்த மாட்டோம் என்றது. ஆப் அதே ஆப்தான், மாறியது சில வரிகள். பயனரின் நிலையைத் தீர்மானித்தது அந்த வரிகள்தான்.

நாலு வார்த்தை போதும்

நீளமான ஆங்கில ஆவணத்தை முழுக்கப் படிக்கத் தேவையில்லை. அதை குரோமில் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, ‘Find in page’இல் கீழே உள்ள வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். அந்த இடத்து வரிகளை மட்டும் நிதானமாகப் படியுங்கள். ஆங்கிலம் சிரமமானால் அந்தப் பத்தியை மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டுப் பாருங்கள்.

retain: எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பது இங்கே தெரியும். “24 மணி நேரத்தில் அழிப்போம்” என்பது தெளிவான வாக்கு. “தேவைப்படும் காலம் வரை” என்றால் கெடுவே இல்லை என்று அர்த்தம். சின்னச் சொல்லையும் விடாதீர்கள். 2019இல் ஃபேஸ்ஆப் மீது இதே கேள்வி எழுந்தபோது, “பெரும்பாலான படங்கள்” 48 மணி நேரத்தில் அழிக்கப்படுகின்றன என்று அந்நிறுவனம் சொன்னது. ‘பெரும்பாலான’ என்றால் எல்லாமும் இல்லை.

licen: கடைசி எழுத்துகளை விட்டுத் தேடினால் license, licence இரண்டும் சிக்கும். பக்கத்தில் perpetual இருந்தால் நிரந்தரம். irrevocable இருந்தால் திரும்பப் பெற முடியாது. sublicensable இருந்தால் அவர்கள் இன்னொருவருக்கும் அந்த உரிமையைக் கொடுக்கலாம். “இந்தச் சேவையை வழங்க மட்டும்” என்ற வரம்பு இருந்தால் ஓரளவு பரவாயில்லை.

improve: “எங்கள் சேவையை மேம்படுத்த” என்ற வரி சாதுவாகத் தெரியும். உங்கள் முகத்தை வைத்து கணினிக்குப் பயிற்சி கொடுப்பதும் அதில் அடங்கலாம். அமெரிக்காவில் ‘எவர்’ என்ற போட்டோ சேமிப்பு ஆப், பயனர்களின் படங்களிலிருந்து முகங்களை எடுத்து முகமறியும் தொழில்நுட்பத்தை உருவாக்கியது, கணக்கை மூடியவர்களின் படங்களையும் அழிக்கவில்லை என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2021இல் முடிவான உத்தரவில், படங்களோடு அவற்றைக் கொண்டு உருவாக்கிய மென்பொருள் மாதிரிகளையும் அழிக்கச் சொன்னது. படம் அழிந்தாலும் அதிலிருந்து கற்றது நிற்கும் என்பதால்தான் இப்படியொரு உத்தரவு. training என்ற சொல்லையும் ஒருமுறை தேடிவிடுங்கள்.

consent: இங்கே நமக்கே ஒரு பொறுப்பு ஒளிந்திருக்கும். “படத்தில் உள்ள எல்லோரிடமும் நான் அனுமதி வாங்கியிருக்கிறேன்” என்று பல ஆப்கள் நம்மிடமே உறுதி வாங்கிக்கொள்கின்றன. பாட்டியின் போட்டோவையோ பக்கத்து வீட்டுக் குழந்தையின் போட்டோவையோ ஏற்றினால், அவர்கள் சார்பில் கையெழுத்துப் போட்டது நீங்கள். அவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

ஏற்கெனவே போட்டாச்சே, என்ன செய்வது?

ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தால் அது உங்கள் போனிலிருந்துதான் போகும். சர்வரில் உள்ள படம் அப்படியே இருக்கலாம். அதனால் வரிசை முக்கியம். முதலில் ஆப்புக்குள் போய்ப் படங்களை அழியுங்கள், பிறகு கணக்கை நீக்குங்கள், கடைசியில்தான் அன்இன்ஸ்டால். கணக்கை நீக்கும் வழி தெரியாவிட்டால், பிளே ஸ்டோரில் அந்த ஆப்பின் ‘Data safety’ பகுதியைப் பாருங்கள். ஆனால் அங்கே எழுதியிருப்பது ஆப் நிறுவனமே சொல்லிக்கொண்டது என்பதை மறக்காதீர்கள்.

‘Privacy Policy’யின் கடைசியில் பெரும்பாலும் ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கும். சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன், போட்டோவையும் முக அளவுகளையும் அழித்துவிட்டுப் பதில் அனுப்புங்கள் என்று எழுதுங்கள். அனுப்பியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நம் நாட்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்கிறது. இச்சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது.

உங்கள் முகத்தை வைத்து யாராவது போலி வீடியோ செய்து பரப்பினால் அது வேறு விஷயம். ஆதாரத்தைச் சேமித்துவிட்டு cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுங்கள்.

பாஸ்வேர்டு போய்விட்டால் புதிதாக வைத்துக்கொள்ளலாம். முகத்தை அப்படி மாற்ற முடியாது. அடுத்த முறை லிங்க் வந்தால், அந்த நாலு வார்த்தையைத் தேடிவிட்டு முடிவு செய்யுங்கள். தேடியும் பதில் கிடைக்காவிட்டால், அந்த ஆப்புக்கு உங்கள் முகத்தைக் கொடுக்காதீர்கள்.