புயல் இல்லாத ஊரில் பறக்கும் கூரைகள்

“இது மலேசியா, இங்கே எங்கே புயல்?” பூச்சோங் தாமான்களில் கார் போர்ச்சுக்குக் கூரை போட விலை கேட்கும் வீடுகளில் இந்தப் பேச்சு எழாமல் இருப்பதில்லை. கண்டிராக்டர் சொல்வார், வீட்டுக்காரர் தலையாட்டுவார். அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் வரும்: “கூரை தன் எடையிலேயே உட்கார்ந்திருக்கும்.” முதலாவது பாதி உண்மை. இரண்டாவது முழுப் பொய்.

புயல் அரிதுதான், காற்று இருக்கிறதே! மலேசியாவில் பதிவான மிக வேகமான காற்று 1992 செப்டம்பர் 15 அன்று கூச்சிங்கில் வீசியது, விநாடிக்கு 41.7 மீட்டர், அதாவது மணிக்கு 150 கிலோமீட்டர். மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியற்காலையில் வரும் ‘சுமத்ரா’ காற்றும், பிற்பகல் இடிமழைக்கு முன் கிளம்பும் காற்றும் உச்ச வேகத்தில் சில நிமிடங்களே வீசும். ஆனால் கூரையைப் பிடுங்க அந்தச் சில நிமிடங்கள் போதும். நாட்டின் காற்றுச்சுமைத் தரநிர்ணயமான MS 1553, அடிப்படை வேகமாக விநாடிக்கு 33.5 மீட்டர் வரை கணக்கில் எடுக்கச் சொல்வது வேடிக்கைக்கு அல்ல.

இனி எடைக் கதை. மாடி வீட்டுக்கு முன்னால் 6 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளத்தில் ஒரு கூரை என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கம் வீட்டு பீமில் போல்ட், முன்பக்கம் இரண்டு தூண்கள். காற்று உள்ளே புகுந்து வீட்டுச் சுவரில் முட்டி, போக வழியின்றிக் கூரையை அடியிலிருந்து தள்ளுகிறது. மேலே ஓடும் காற்று அதே கூரையை உறிஞ்சுகிறது. சுற்றிலும் வீடுகள் இருப்பதால் வேகத்தைக் குறைத்துப் போட்டாலும், சதுர மீட்டருக்குத் தோராயமாக 40 கிலோ மேல்நோக்கி இழுக்கும். முப்பது சதுர மீட்டருக்கு 1,200 கிலோ. மெட்டல் தகடும் இரும்புச் சட்டமும் சேர்ந்தால் கூரையின் எடை 450 கிலோ அளவில்தான் வரும். மீதி 750 கிலோவை யார் பிடித்துக்கொள்வது? பாதியை பீம் தாங்குகிறது என்றாலும் முன் தூண் ஒவ்வொன்றுக்கும் 190 கிலோ வருகிறது. பாலிகார்பனேட் என்றால் கூரை இன்னும் இலேசு, அதனால் இழுப்பு இன்னும் கூடும்.

அந்தத் தூணைத்தான் பலர் டைல்ஸ் மேலேயே பேஸ் பிளேட் வைத்து, நான்கு போல்ட் அடித்து நிறுத்துகிறார்கள். போல்ட் பிடித்திருப்பது டைல்ஸையும் அதற்கடியில் உள்ள மெல்லிய சிமெண்டுப் பூச்சையும்தான். பிளேட்டைச் சுற்றி டைல்ஸில் முடிபோல விரிசல் ஓடியிருந்தால் தூண் ஏற்கெனவே அசைந்துவிட்டது என்று அர்த்தம். டைல்ஸை வெட்டி, 45 சென்டிமீட்டர் கனசதுரமாகக் குழி தோண்டி கான்கிரீட் போட்டால் அதன் எடை ஏறத்தாழ 220 கிலோ, மயிரிழையில் தப்பலாம். 60 சென்டிமீட்டர் என்றால் 500 கிலோவுக்கு மேல். காசு மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல. இதெல்லாம் தோராயக் கணக்கு. இறுதிக் கணக்குக்கு ஒரு பொறியாளர் வேண்டும்.

முன்பக்கம் மூன்று தூண்கள் உள்ள கூரைகளில் அடுத்த ஆசை, “நடுத்தூணை எடுத்துவிடலாம், கார் திருப்ப வசதி.” எடுக்கலாம், பீமை மாற்றினால். தூண் இடைவெளி 3 மீட்டரிலிருந்து 6 மீட்டரானால் அதே சுமைக்கு பீமை வளைக்கும் விசை நான்கு மடங்கு, தொய்வு பதினாறு மடங்கு. பழைய பீமையே வைத்துக்கொண்டு தூணை மட்டும் கழற்றுகிறவர்களுக்கு வெல்டிங் தெரியும், கணக்கு தெரியாது.

தொய்ந்த பீம் சரிவையும் கெடுக்கும். தட்டையாக இருந்தால்தான் நவீனம் என்பவர்களுக்கு ஒரே பதில்: பாலிகார்பனேட்டுக்குக் குறைந்தது 5 பாகை சரிவு வேண்டும். 5 மீட்டர் கூரைக்கு அது 44 சென்டிமீட்டர் இறக்கம். பத்துப் பதினைந்து சென்டிமீட்டரோடு நிறுத்தினால் நீர் தேங்கும், பாசி பிடிக்கும். உள்ளே குழல் ஓடும் பலகை என்றால் அந்தக் குழல்கள் சரிவின் திசையிலேயே இறங்க வேண்டும், உள்ளே சேரும் ஈரம் வடிய.

“பாலிகார்பனேட் எப்படியும் மஞ்சளாகிவிடும்” என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. புற ஊதாப் பூச்சுள்ள பக்கத்தை மேலே வைக்காமல் புரட்டிப் போட்டால் சீக்கிரமே ஆகும். ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளில் எது மேல்பக்கம் என்று அச்சடித்திருப்பார்கள், படித்துவிட்டுக் கிழிக்கலாம்.

சரிவு ஒழுங்காக இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் இந்தக் கூரையிலிருந்து 600 லிட்டர் தண்ணீர் இறங்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாய் நின்றுபோகும் நாள்கள் யாருக்கும் புதிதல்ல. அப்படியிருந்தும் அத்தனை நீரையும் பக்கத்து வீட்டு வாசலில் விடுகிறோம். வடிகுழாய்க்கு அடியில் ஒரு பீப்பாய் வைத்து, ஏடிஸ் கொசு நுழையாதபடி வலை கட்டி இறுக மூடினால் கார் கழுவவும் செடிக்கு ஊற்றவும் ஆகும். கண்டிராக்டரிடம் விலைப்பட்டியல் வாங்கும்போதே குழியின் அளவு, போல்ட்டின் அளவு, சரிவு ஆகியவற்றோடு வடிகுழாய் இறங்கும் இடத்தையும் எழுதி வாங்குங்கள்.