போர்க்களத்து மரணசாசனம்

தன் மரணத்துக்குப்பின் தன் பொருள் இன்னாரைச் சேரவேண்டும் என்று ஒருவன் தன் சித்தத்தை வெளியிடுவது மரணசாசனமாகும். இதனை வழக்கில் உயில் என்கிறோம். மற்றப் பத்திரங்களுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. விற்பனைப் பத்திரம் ஒன்றைப்பற்றி ஐயம் எழுமாயின், எழுதிக்கொடுத்தவனையே அழைத்து விசாரிக்கலாம். மரணசாசனமோ, எழுதியவன் வாய் மூடிய பின்னரே பேசத் தொடங்குகின்றது. அது பொய்யெனில் மறுப்பதற்கும், மெய்யெனில் நிலைநாட்டுவதற்கும் அவன் வரப்போவதில்லை. ஆதலின், ஏனைய பத்திரங்களினும் இதற்குச் சட்டம் கடுமையான காவல்களை ஏற்படுத்தியிருக்கின்றது.

அக்காவல்கள் மூன்று. அது எழுத்தில் இருத்தல் வேண்டும். எழுதியவன் கையொப்பமிடல் வேண்டும். இரண்டு சாட்சிகளேனும் அதனை உறுதிசெய்தல் வேண்டும். 1837-ஆம் ஆண்டின் ஆங்கில உயில் சட்டமும், 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும் சிற்சில வேறுபாடுகளோடு இவற்றையே விதிக்கின்றன. இவை வெறுஞ் சடங்குகள் அல்ல. எழுத்து, கேட்டவர்களின் மறதியினின்றும் அவன் சொல்லைக் காக்கின்றது. கையொப்பம், அஃது எண்ணிப் பார்த்த வரைவு அன்று, முடிந்த தீர்மானமே என்பதைக் காட்டுகின்றது. சாட்சிகள், வஞ்சகரும் வற்புறுத்துவோரும் அவனை அணுகாதபடி தடுக்கின்றனர்.

இத்துணைக் காவலை ஏற்படுத்திய சட்டமே, படைவீரனுக்கும் கப்பலோட்டிக்கும் மட்டும் அவற்றை ஏன் தளர்த்திற்று? தளர்த்தியபோதும் எதனைத் தளர்த்தாது வைத்துக்கொண்டது? இவ்விரண்டு வினாக்களையுமே ஈண்டு ஆராய்வோம்.

இச்சலுகையின் பிறப்பிடம் உரோமாபுரி. ஆங்கே பொதுமக்களின் மரணசாசனம் மிக்க கட்டுப்பாடுடையது. ஏழு சாட்சிகளின் முத்திரைகள் வேண்டப்பட்ட காலமும் உண்டு. ஜூலியஸ் சீசர் முதன்முதல் தம் வீரர்க்கு இவ்விதிகளினின்றும் தற்காலிகமாக விலக்கு அளித்தார். பின்வந்த சக்கரவர்த்திகள் சிலர் அதனைப் புதுப்பித்து உறுதிசெய்தனர். உரோம நியாய சாஸ்திரிகள் இதற்குக் கூறிய காரணம், படைவீரர் சட்ட நுணுக்கம் அறியாத எளிய மனத்தினர் என்பதே. ஆயினும், கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி 334-ஆம் ஆண்டில் விடுத்த கட்டளை வேறொரு காரணத்தை நம் கண்முன் நிறுத்துகின்றது. போரில் உயிர் துறக்கும் வேளையில் ஒரு வீரன் தன் உறையின்மீதோ கேடயத்தின்மீதோ தன் குருதியால் எழுதினாலும், வாள்முனையால் புழுதியிற் கீறினாலும் அவ்விருப்பம் செல்லும் என்பது அக்கட்டளை. அறியாமையைக்காட்டிலும் அவகாசமின்மையே உண்மையான காரணம் என்பது இதனால் விளங்கும். குண்டு பாய்ந்து கிடப்பவனுக்குச் சட்டம் முழுவதும் தெரிந்திருந்தாலும், தாளும் மையும் சாட்சிகளும் எங்கிருந்து கிடைக்கும்? அந்நிலையில் முறைமையை வற்புறுத்துவது, அவனுடைய சித்தத்தைக் காப்பதற்கென அமைந்த வேலியைக்கொண்டே அச்சித்தத்தை அடைத்துவிடுவதாகும்.

இங்கிலாந்திலும் இக்கருத்தே நிலைபெற்றது. பொய்ச்சாட்சியத்தால் விளையும் மோசடியைத் தடுப்பதற்கென்றே 1677-இல் அங்கே ஒரு சட்டம் பிறந்தது. பிறருடைய வாய்மொழி உயில்களை மிகவும் நெருக்கிய அச்சட்டம், மெய்யான படைச்சேவையில் உள்ள வீரனையும், கடலில் உள்ள கப்பலோட்டியையும் பழைய நிலையிலேயே விட்டுவிட்டது. கரை காணாது நெடுநாட் செல்லும் கலத்தில் வழக்கறிஞர் இலர். புயலோ அறிவித்துவிட்டு வருவதன்று. ஆதலின் கப்பலோட்டிக்குப் போர்க்காலம், சமாதான காலம் என்ற வேறுபாடும் வைக்கப்படவில்லை. 1837-ஆம் ஆண்டின் சட்டமும் இவ்விலக்கைக் காத்தது. முதல் உலக யுத்தத்தில் இளைஞர் பலர் மாண்டபோது, 1918-இல் மற்றொரு சட்டம் இயற்றி, உரிய வயது நிரம்பாத வீரனும் இவ்வகையில் உயில் செய்யலாம் என்று தெளிவாக்கினர். ஆங்கிலச் சிப்பாய் தன்னுடன் வைத்திருந்த சம்பளப் புத்தகத்திலேயே உயில் எழுதுவதற்கு ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டிருந்தது.

இனி, தளர்த்தப்படாதது யாதெனக் காண்போம். உரோமச் சக்கரவர்த்தி திராயன் இதனைப்பற்றி விடுத்த மறுமொழி நினைவிற் கொள்ளத்தக்கது. ஒரு வீரன் தன் விருப்பத்துக்குச் சாட்சியாகவே சிலரை அழைத்து, இன்னார் என் வாரிசு என்று சொன்னால் அஃது எழுத்தின்றியும் செல்லும். பொழுதுபோக்குப் பேச்சினிடையே ஒருவனை நோக்கி, என் பொருள் உனக்கே என்று சொல்லியிருந்தால் செல்லாது. வாய்ப்பேச்சையெல்லாம் உயிலாகக் கொண்டால், ஒரு வீரன் இறந்தபின், தான் விரும்பியவர்க்கு அவன் எல்லாம் தந்தான் எனச் சொல்ல முன்வருவோர் எளிதிற் கிடைப்பர். சலுகை யாருக்காக ஏற்பட்டதோ அவர்களுடைய மெய்யான சித்தமே அதனால் அழியும் என்று அவர் காரணமும் கூறினார்.

ஏறக்குறைய 1,850 ஆண்டுகளுக்குப்பின் ஆங்கில நியாயஸ்தலமும் இவ்வாறே தீர்த்தது. 1962-இல் வெளியான வழக்கொன்றில், கப்பலின் மதுக்கூடத்திற் பணிபுரிந்த ஒருவன், உடன் பணியாளனோடு பேசிக்கொண்டிருக்கையில், தனக்கு ஏதேனும் நேர்ந்தால் தன் உடைமை தன் சகோதரிக்கே சேரும் என்று சொல்லியிருந்தான். அவன் கடலில் இருந்த கப்பலோட்டி என்பதில் தடையில்லை, சொல்லியதும் மெய்யே. ஆயினும், கேட்டவன் அதனை நினைவிற்கொண்டு நிறைவேற்றவேண்டும் என்ற கருத்தோடு அவன் சொல்லவில்லை. அது நண்பர் பேச்சே. ஆதலின் உயில் அன்று என்று தீர்ப்பாயிற்று. முறைமை தளரலாம், சித்தம் தளரக்கூடாது என்பதே இதன் சாரம்.

அடுத்து எழும் வினா, சேவை என்பது எப்பொழுது தொடங்குகின்றது என்பது. குண்டு பறக்கும் இடத்தில் மட்டுந்தானா? இரண்டாம் உலக யுத்தத்தில், ஆங்கில விமானப் படையைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் கானடா தேசத்தில் விமானம் ஓட்டப் பயின்றுகொண்டிருந்தான். பகைவர் எவரும் அவ்விடத்துக்கு அருகில் இலர். அவன் கையொப்பமிட்டு, சாட்சிகளின்றி ஓர் உயில் எழுதிவைத்தான். 1943-இல் விமான விபத்தில் இறந்தான். முதல் நியாயஸ்தலம் அதனை ஏற்கவில்லை. மேல் நியாயஸ்தலமோ ஏற்றது. யுத்தத்தோடு நேரே தொடர்புடைய பணியில், எந்நேரமும் போருக்கு அனுப்பப்படக்கூடிய நிலையில் இருப்பவன் சேவையிலேயே இருக்கிறான் என்று நியாயாதிபதிகள் கூறினர். நியாயாதிபதி டென்னிங் இவ்வழக்கில் உரோமச் சட்டத்தின் பழைய எல்லைகளையும் எடுத்து ஆராய்ந்து, அவை ஆங்கிலச் சட்டத்தைக் கட்டுப்படுத்தா என்றார்.

இப்பொழுது ஒரு வழக்கை முழுவதும் நோக்குவோம். 1978-இல் வட அயர்லாந்தில் ரோந்து சென்ற ஆங்கிலச் சிப்பாய் ஒருவன் சுடப்பட்டான். அவன் முன்னரே, முறைப்படி எழுதிய ஓர் உயிலால் தன் பொருளைத் தாய்க்கு வைத்திருந்தான். காயமுற்றுக் கிடக்கையில், தான் பிழைக்காவிடில் தன் பொருள் முழுவதும் தனக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணைச் சேரும்படி பார்த்துக்கொள்ளுமாறு அருகிருந்த இரண்டு அதிகாரிகளிடம் கேட்டுக்கொண்டான், விரைவில் இறந்தான்.

வழக்கில் இரண்டு வினாக்கள் எழுந்தன. அச்சொற்கள் உயிலாகுமா என்பது ஒன்று. மரணத்தை நேரிற் கண்டவன், நிறைவேற்றும்படி கேட்டுச் சொன்னவை அவை. பேச்சோடு பேச்சாக வந்தவை அல்ல. ஆதலின் இதில் இடர்ப்பாடு இல்லை. அங்கே யுத்தம் நடந்ததா என்பது மற்றொன்று. போர்ப் பிரகடனம் இல்லை. எதிரில் சீருடை அணிந்த சேனையும் இல்லை. சிவில் அதிகாரத்துக்கு உதவியாகவே பட்டாளம் அனுப்பப்பட்டிருந்தது. நியாயாதிபதி, எதிரியின் தன்மையை நோக்குதல் தகாது, சிப்பாய் செய்த பணியின் தன்மையையே நோக்குதல் வேண்டும் என்று தீர்த்தார். எனவே, வாயினாற் சொன்ன ஒரு வாக்கியம், சாட்சிகளோடு எழுதப்பட்ட பத்திரத்தை மாற்றிற்று. தாய்க்கு இத்தீர்ப்புத் துயரமாகவே இருந்திருக்கும். ஆனால் மகனுடைய கடைசிச் சித்தம் எது என்பதில் ஐயமில்லை. பின்னையது முன்னையதை மாற்றும் என்பது எல்லா உயில்களுக்கும் பொதுவிதி.

இதே நிகழ்ச்சி இந்தியக் கிறிஸ்தவச் சிப்பாய் ஒருவனுக்கு நேர்ந்திருந்தால் யாதாகும்? அவனுக்குரிய 1925-ஆம் ஆண்டின் சட்டத்தில் 65, 66-ஆம் பிரிவுகள் இதனைப்பற்றியவை. கலகக்காரரை எதிர்த்துக் களத்திற் பணிபுரியும் சிப்பாய்க்கு இவ்வுரிமை உண்டு என்று அச்சட்டமே உதாரணம் தருகின்றது. படையெடுப்பிற் சென்ற பட்டாளத்து வைத்தியனுக்கும், துறைமுகத்திற் கப்பல் தங்கியிருக்கையில் சிறிதுநேரம் கரையிறங்கிய கப்பலோட்டிக்கும் உண்டு. கரையில் வசித்து எப்பொழுதேனும் கப்பலேறும் கடற்படைத் தலைவனுக்கு இல்லை. பதவியன்று, ஆபத்தும் தனிமையுமே உரிமை தருவன என்பதை இவ்வுதாரணங்கள் காட்டுகின்றன.

ஆயினும் இந்தியச் சட்டம் மூன்று இடங்களில் ஆங்கிலச் சட்டத்தினும் இறுக்கமானது. முதலாவது, உயில் செய்பவனுக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருத்தல் வேண்டும். இரண்டாவது, வாய்மொழியாகச் சொன்னால் இரண்டு சாட்சிகள் ஒரே சமயத்தில் உடனிருந்து கேட்டல் வேண்டும். ஆங்கிலச் சட்டத்தில் இத்தொகை விதிக்கப்படவில்லை. நம்பத்தக்க ஒருவரின் சாட்சியமே போதலாம். மேற்கண்ட சிப்பாய் இரண்டு அதிகாரிகளும் சேர்ந்து கேட்கச் சொல்லியிருப்பானாயின் இங்கும் அது செல்லும். காலையில் ஒருவரிடமும் மாலையில் மற்றவரிடமும் தனித்தனியே சொல்லியிருந்தால் செல்லாது. மூன்றாவது, அவன் பிழைத்துத் திரும்பி, சலுகைக்குரிய நிலை நீங்கியபின் ஒரு மாதம் உயிரோடிருந்தால், வாய்மொழி உயில் தானே ஒழிந்துபோகும். அவகாசமின்மையால் வந்த சலுகை, அவகாசம் வந்தபின் நிற்கவேண்டுவதில்லை என்பது இதன் நியாயம். உரோமர் இதற்கு ஓராண்டு தவணை தந்தனர். ஆங்கிலச் சட்டம் எத்தவணையும் வைக்காமையால், களத்திற் செய்து மறந்துபோன உயில், அவன் வேறு உயில் எழுதும்வரையோ மணம் புரியும்வரையோ உயிரோடிருக்கும்.

எழுத்துக்கோ இவ்விரண்டு கட்டுப்பாடுகளும் இல்லை. வீரன் முழுவதும் தன் கையாலேயே எழுதியது, கையொப்பமும் சாட்சிகளும் இல்லாவிடினும் இந்தியச் சட்டப்படி செல்லும். பிறர் எழுதித் தந்ததாயின் அவன் கையொப்பம் இருந்தாற் போதும், சாட்சி வேண்டுவதில்லை. வீட்டுக்கு எழுதிய கடிதத்தின் நடுவில், தான் இறந்தால் தன் பொருள் இன்னாருக்கு என்று ஒருவன் தெளிவாகத் தன் கையால் எழுதிய இரண்டு வரியும் உயிலாகலாம். புறப்படுமுன் முறைப்படி எழுதிவைப்பதே நலம். அது கூடாதவனுக்கு அவ்விரண்டு வரி, காற்றிற் கலந்துபோகும் சொல்லினும் உறுதியானது. எழுதவும் இயலாதவனுக்கு, உடனிருக்கும் இரண்டு தோழரின் செவிகளே பத்திரம். ஆதலின் அத்தகையோன் அருகில் இருக்க நேர்பவர், தனித்துக் கேளாது மற்றொருவரையும் அழைத்து, அவன் சொன்னவாறே கேட்டு, அன்றே குறித்துவைத்தல் அவனுக்குச் செய்யும் கடைசி உதவியாகும்.