ஒரு லட்சம் வட்டிக்கு ரூ.1,04,000 வரியா?

கேள்வி: ஐயா, நான் கோவையில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். 2025-26 நிதியாண்டில் நிலைக் கழிவு போக என் சம்பளம் சரியாக 50 லட்சம். இதனுடன் வங்கி வைப்புத்தொகைக்கு ஒரு லட்சம் வட்டி வந்தது. புதிய வரி முறையில் இருக்கிறேன். அந்த ஒரு லட்சத்தால் வரி ரூ.1,04,000 கூடுகிறது என்கிறார் ஆடிட்டர். என் வரி விகிதம் 30 சதவீதம்தானே? கணக்கு தப்பா?

பதில்: ஆடிட்டர் போட்ட கணக்கு சரி. 50 லட்சம் வருமானத்துக்கு அடிப்படை வரி ரூ.10,80,000. அதன் மேல் 4 சதவீத செஸ் சேர்த்தால் ரூ.11,23,200. வட்டி வராமல் இருந்திருந்தால் இதோடு முடிந்திருக்கும்.

வருமானம் 50 லட்சத்தைத் தாண்டியதும் 10 சதவீத சர்சார்ஜ் வருகிறது. தாண்டிய தொகைக்கு மட்டும்தான் சர்சார்ஜ் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது மொத்த வரியின் மேல் விழுகிறது. 51 லட்சத்துக்கு அடிப்படை வரி ரூ.11,10,000, சர்சார்ஜ் ரூ.1,11,000, ஆக ரூ.12,21,000. கூடுதலாக வந்ததோ ஒரு லட்சம். அதற்கு வரி ரூ.1,41,000!

இதைத் தடுக்கத்தான் மார்ஜினல் ரிலீஃப் இருக்கிறது. வரியும் சர்சார்ஜும் சேர்ந்து, 50 லட்சத்துக்கான வரியைவிட எவ்வளவு கூடலாம் என்றால், கூடுதல் வருமானம் எவ்வளவோ அவ்வளவுதான். அதனால் உங்களுக்கு அது ரூ.11,80,000-ல் நின்றுவிடும், ரூ.41,000 குறைகிறது. ஆனால் இந்த வரம்பு செஸ்ஸுக்குப் பொருந்தாது. ரூ.11,80,000-க்கு 4 சதவீதம், அதாவது ரூ.47,200 சேர்ந்து மொத்தம் ரூ.12,27,200 ஆகிறது. சலுகை கொடுத்த பிறகும் வட்டி முழுவதும் போய், கையிலிருந்து ரூ.4,000 கட்ட வைப்பது நியாயமில்லை என்பதே என் கருத்து. ஆனாலும் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது.

ஏறத்தாழ ரூ.51,61,000 வரை இதே நிலைதான். அதற்கு மேல் ஒரு கோடி வரை, கூடும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் ரூ.34.32 வரி: 30 ரூபாய், அதில் பத்து சதவீதமாக 3 ரூபாய், இந்த 33 ரூபாய்க்கு 4 சதவீத செஸ்.

ரிட்டர்னில் மார்ஜினல் ரிலீஃபுக்கு முன், பின் என்று சர்சார்ஜ் இரண்டு தொகைகளாக வரும். உங்களுக்கு அவை 1,11,000, 70,000 என்று இருக்கிறதா என்று பாருங்கள். வங்கி உங்கள் வட்டியில் 10 சதவீதம், அதாவது ரூ.10,000 மட்டுமே பிடித்திருக்கும். மீதி ரூ.94,000-ஐ முன்கூட்டிய வரியாகக் கட்டவில்லை என்றால் அதற்கும் வட்டி உண்டு.

மனைவி பெயருக்கு வைப்புத்தொகையை மாற்றிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். உங்கள் பணம் என்றால் வட்டி உங்கள் வருமானத்திலேயே சேரும். அடுத்த ஆண்டுக்கு வேண்டுமானால் சம்பளத்தின் ஒரு பகுதியை நிறுவனமே உங்கள் என்பிஎஸ் கணக்கில் கட்டும்படி மாற்றச் சொல்லுங்கள். அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படியில் 14 சதவீதம் வரை புதிய முறையிலும் கழித்துக்கொள்ளலாம். வருமானம் 50 லட்சத்துக்குள் வந்துவிட்டால் சர்சார்ஜ் இல்லை. ஆனால் இந்த மாற்றத்தை ஆண்டு முடிவதற்குள் செய்துவிட வேண்டும்.